அறைத்தோழிக்கு ஒரே தாளில் பிறந்தநாள் வாழ்த்தும் வழியனுப்பும் எழுத முடியுமா?

அறை எண் 14 | 22 நவம்பர் 2025, இரவு 10.50

குரோம்பேட்டைப் பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறேன். என் அறைத்தோழிக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்துவிட்டது. டிசம்பர் 6, சனிக்கிழமை சாயங்காலம் தாம்பரத்தில் சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறுகிறாள். 9ஆம் தேதி அவளுக்குப் பிறந்தநாள், 25 முடிகிறது. மூன்று நாள் இடைவெளியில் இரண்டும் வருகின்றன.

ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். வாட்ஸப் இல்லை, கையால். எழுத உட்கார்ந்தால் வாழ்த்து அழுகையாகப் போய் முடிகிறது. இல்லையென்றால் வழியனுப்புகிற வரி, கேக் மேல் எழுதுகிற வாசகம் மாதிரி இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாக எழுதுவதா, ஒன்றாகவா? எழுதியவர்கள் சொல்லுங்கள்.

மேசை விளக்கு | 22 நவம்பர், இரவு 11.15

ஃபேர்வெல் பேச்சு என்றால் மூன்று நிமிடத்தைத் தாண்டாதீர்கள். எங்கள் கல்லூரி ஹாஸ்டலில் நான்தான் பேசினேன். முதலில் வார்டன், அப்புறம் மெஸ் அண்ணன்கள், கடைசியில் நண்பர்கள். மைக் முன்னால் நின்றதும் எழுதி வைத்தது எல்லாம் மறந்துவிடும், அதனால் சின்ன அட்டையில் நான்கு குறிப்பு போதும்.

அறை எண் 14 | 22 நவம்பர், இரவு 11.30

பேச்சு இல்லை தம்பி. ஒரே ஒரு ஆள் படிக்கிற கடிதம். மைக்கும் இல்லை, கூட்டமும் இல்லை.

அறை எண் 14 | 23 நவம்பர், காலை 9.05

நேற்று இரவே ஒன்று எழுதினேன். அப்படியே போடுகிறேன்:

"அன்புத் தோழிக்கு, இனிய பிறந்தநாள் நல்வாழ்த்துகள். வாழ்க்கை என்னும் பயணத்தில் எத்தனையோ பேரைச் சந்திக்கிறோம். சிலர் மட்டுமே மனதில் நிரந்தரமாக இடம் பிடிக்கிறார்கள். நீ எனக்குத் தோழி மட்டுமல்ல, உடன்பிறவாச் சகோதரி. இந்தப் பிரிவு என்னை வாட்டுகிறது. உன் கனவுகள் அனைத்தும் நனவாகட்டும். என்றும் மறவாத உன் தோழி."

எழுதியதெல்லாம் உண்மைதான். ஆனால் படித்துப் பார்த்தால் அவள் இதில் எங்குமே இல்லை.

பழைய வார்டன் | 23 நவம்பர், மதியம் 2.20

அம்மாடி, திருச்சியில் பெண்கள் விடுதி ஒன்றில் 22 வருஷம் வார்டனாக இருந்தேன். வருஷா வருஷம் ஏப்ரலில் அறையைக் காலி செய்கிறபோது பிள்ளைகள் விட்டுப் போகிற தாள்களைப் பார்த்திருக்கிறேன். வாழ்த்து அட்டைகள் பாதி அலமாரியிலேயே கிடக்கும். இரண்டு விரல் அகலத் துண்டுச் சீட்டு ஒன்றை மட்டும் பர்ஸில் மடித்து வைத்து எடுத்துப் போவார்கள்.

நீ எழுதியதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். ஒவ்வொரு வரியையும் எடுத்து, இதைப் பக்கத்து அறைப் பெண்ணுக்குக் கொடுத்தாலும் பொருந்துமா என்று கேள். பொருந்தினால் அடித்துவிடு. உன் கடிதத்தில் இப்போது எத்தனை வரி மிஞ்சும்?

இன்னொன்று. "பிரிவு", "கடைசி", "போகிறாய்" இதெல்லாம் வேண்டாம். நம் வீடுகளில் வாசலில் நின்று "போறேன்" என்று சொன்னாலே "போயிட்டு வரேன்னு சொல்லு" என்று திருத்துவார்கள் இல்லையா? கடிதத்துக்கும் அதே வழக்கம்தான். "போய் வா" என்று முடி. அதில் போவதும் இருக்கிறது, வருவதும் இருக்கிறது.

ஒரே தாளில் எழுது. மேலே பிறந்தநாள், கீழே போய் வா, நடுவில் அறை. அந்த நடுப்பகுதிதான் கடிதம்.

அறை எண் 14 | 23 நவம்பர், மாலை 6.40

ஒரு வரிகூட மிஞ்சவில்லை அம்மா.

இரண்டாம் ஷிப்ட் | 24 நவம்பர், காலை 7.10

நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து படிக்கிறேன். நான் நர்ஸ். எனக்கும் இப்படி ஒருத்தி இருந்தாள், வெளிநாட்டு வேலைக்குப் போனாள். நான்கு பக்கம் எழுதி ஏர்போர்ட்டில் கொடுத்தேன். பையை எடை போட, பாஸ்போர்ட்டைக் காட்ட, அம்மாவுக்குப் போன் பேச என்று ஓடிக்கொண்டிருந்தாள். கடிதத்தைக் கையில் வாங்கி எங்கேயோ வைத்தாள். அதைப் பற்றி அவள் ஒருநாளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. எட்டு வருஷம் ஆகிறது.

கிளம்புகிற இடத்தில் கொடுக்காதீர்கள். நான்கு பக்கமும் எழுதாதீர்கள்.

ரயில்வே காலனி | 24 நவம்பர், காலை 11.30

சுலபமான வழி இருக்கிறதே. எழுதி ரெஜிஸ்டர் தபாலில் ஹைதராபாத்துக்கு அனுப்பிவிடுங்கள், சரியாக 9ஆம் தேதி அவர் கையில் இருக்கும். புது ஊரில் முதல் பிறந்தநாளுக்குத் தபால் வந்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அப்படி இல்லையென்றால் நட்சத்திரப் பிறந்தநாளைக் கொண்டாடுங்கள். அது எப்போதும் தேதிக்கு முன்னாலேயே வந்துவிடும்.

பழைய வார்டன் | 24 நவம்பர், மதியம் 1.45

ரயில்வே காலனி ஐயா, ரெஜிஸ்டர் தபாலை இந்த வருஷம் ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். இனி கேட்டால் ஸ்பீட் போஸ்ட்தான் கொடுப்பார்கள். அது போகட்டும், புது ஹாஸ்டலில் சேர்ந்து மூன்றே நாள் ஆன பெண்ணின் பெயர் வாசலில் இருக்கிறவருக்குத் தெரியுமா? என் மேசையில் எத்தனை தபால் "இப்படி ஒருவர் இல்லை" என்று திரும்பிப் போயிருக்கிறது தெரியுமா! பிள்ளை மாடியில் தூங்கிக்கொண்டிருப்பாள், புது வாட்ச்மேன் திருப்பி அனுப்பியிருப்பார்.

நட்சத்திரம் முன்னாலேயே வரும் என்பதும் பாதிதான் சரி. அதே தமிழ் மாதத்தில் அந்த நட்சத்திரம் என்றைக்கு வருகிறதோ அன்று. சில வருஷம் முன்னால் வரும், சில வருஷம் பின்னால் போகும். என்னுடையது போன வருஷம் 12 நாள் தள்ளி வந்தது. ஒரே மாதத்தில் இரண்டு தடவை வந்தால் எங்கள் வீட்டில் இரண்டாவதைத்தான் எடுப்போம்.

ஆனாலும் ஐயா சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. அம்மாடி, அவள் நட்சத்திரம் என்ன என்று கேட்டுப் பார்.

ரயில்வே காலனி | 24 நவம்பர், மாலை 4.00

ரெஜிஸ்டர் விஷயம் தெரியாது, திருத்தியதற்கு நன்றி. எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் முன்னால் வந்ததால் அப்படி நினைத்துவிட்டேன்.

அறை எண் 14 | 25 நவம்பர், இரவு 12.10

கேட்டேன்!

கார்த்திகை மாதம், கார்த்திகை நட்சத்திரம். 2000 டிசம்பர் 9, வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்தில் பிறந்தாளாம். ஊர் நாகர்கோவில் பக்கம். "எங்க வீட்ல எனக்குக் கேக்கெல்லாம் கெடையாது மக்கா, கொழுக்கட்டைதான்" என்றாள். இரண்டு வருஷம் ஒரே அறையில் இருந்திருக்கிறேன், இது தெரியாது. இரண்டு டிசம்பரிலும் 9ஆம் தேதி கேக் வாங்கினேன். அவளும் ஒன்றும் சொல்லாமல் வெட்டினாள்.

காலண்டரைப் பார்த்தேன். இந்த வருஷம் திருக்கார்த்திகை டிசம்பர் 3, புதன்கிழமை. அவள் கிளம்ப மூன்று நாள் முன்னால். அன்றைக்கு இங்கே என்னோடுதான் இருப்பாள்.

நாஞ்சில் மண் | 25 நவம்பர், காலை 8.30

கார்த்திகைக்குக் கொழுக்கட்டை என்றால் அது ஓலைக் கொழுக்கட்டை. பச்சரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய்த் துருவல், வறுத்த பாசிப்பயறு, கொஞ்சம் சுக்கு ஏலம். பிசைந்து பனை ஓலைக்குள் அடைத்து, இன்னொரு ஓலைத் துண்டால் மூடி, ஓலை நாராலேயே கட்டி ஆவியில் வேக வைக்க வேண்டும். குருத்தோலையாக இருக்க வேண்டும். முற்றிய ஓலை மடிக்கும்போதே கீறிவிடும், மாவு வெளியே வந்துவிடும். வெந்ததும் ஓலையைப் பிரிக்கிறபோது வருகிற வாசனைக்காகவே அந்த நாளுக்குக் காத்துக்கிடப்போம்.

அந்தப் பிள்ளைக்கு எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வாழ்த்துச் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அறை எண் 14 | 25 நவம்பர், மாலை 7.00

எங்கள் ஹாஸ்டலில் அடுப்பு கிடையாது. மின்சாரத்தில் சூடாக்குகிற எதையும் அறையில் வைக்கக்கூடாது. இதைத் தட்டும்போதுதான் வேறு ஒன்று ஞாபகம் வந்தது. அதை நாளைக்கு எழுதுகிறேன், கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அறை எண் 14 | 26 நவம்பர், இரவு 1.20

சொல்லிவிடுகிறேன். ஜூலையில் ஒரு நாள் எங்கள் மாடியில் ஃப்யூஸ் போனது. மேடம் வந்து யார் என்ன போட்டீர்கள் என்று கேட்டார். அவள் ஆஃபீஸில் இருந்தாள். நான் தூக்கக் கலக்கத்தில் "கெட்டில்தான் மேடம்" என்று சொல்லிவிட்டேன். கெட்டில் அவளுடையது. அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து அதை எடுத்துப்போய் 500 ரூபாய் ஃபைன் போட்டார்கள். யார் சொன்னது என்று அவளுக்குத் தெரியவில்லை. மாதக் கடைசி. அந்த 500 ரூபாயை என்னிடம்தான் கடன் கேட்டாள். கொடுத்தேன். 1ஆம் தேதி திருப்பிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல். வெந்நீருக்காகத்தான் காலையில் கெட்டில் போட்டிருந்தாள்.

இதைக் கடிதத்தில் எழுத வேண்டுமா?

இரண்டாம் ஷிப்ட் | 26 நவம்பர், காலை 7.40

எழுதுங்கள். நேரில் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவீர்கள், அவளும் "விடு விடு" என்று வாயை அடைத்துவிடுவாள். எழுத்தில்தான் முழுசாகச் சொல்ல முடியும்.

பழைய வார்டன் | 26 நவம்பர், காலை 10.15

வேண்டாம். பிறந்தநாள் கடிதத்தில் எழுதினால் அதை எடுத்துப் படிக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த 500 ரூபாயும் கூட வரும். அது மட்டும் இல்லை, எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏற்றிவிட்டால் அவளுக்குக் கோபப்படக்கூட ஆள் இருக்காது. தனியாக ஒரு புது ஊரில் உட்கார்ந்து உன்மேல் கோபப்பட வேண்டும். அது அவளுக்கு நீ கொடுக்கிற இன்னொரு ஃபைன்.

சொல்வதாக இருந்தால் அவள் இங்கே இருக்கும்போதே, முகத்தைப் பார்த்து, கோபப்பட இரண்டு மூன்று நாளாவது மிச்சம் வைத்துச் சொல். வார்டனாக இருந்தவள் என்கிற முறையிலும் ஒன்று சொல்கிறேன்: அப்படிக் கேட்டுப் பதில் வாங்கியது அந்த மேடத்தின் தவறும்தான். அரைத்தூக்கத்தில் இருக்கிற பெண்ணிடம் யாரும் அப்படிக் கேட்கக்கூடாது. நானும் கேட்டிருக்கிறேன்.

இரண்டாம் ஷிப்ட் | 26 நவம்பர், மாலை 5.30

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நேரில் சொல்ல முடியாதவர்களும் இருக்கிறார்கள். நான் அந்த ரகம்.

மேசை விளக்கு | 26 நவம்பர், இரவு 9.00

சொல்லாமலே விட்டால் என்ன? நான்கு மாதம் ஆகிவிட்டது. எங்கள் ஹாஸ்டலில் இதைவிடப் பெரியதெல்லாம் நடந்து, யாரும் யாரிடமும் சொல்லாமலே இன்றைக்கும் நண்பர்களாக இருக்கிறோம்.

அறை எண் 14 | 28 நவம்பர், இரவு 12.40

அதை இன்னும் முடிவு செய்யவில்லை. கடிதத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். அம்மா சொன்ன சோதனையை வைத்துக்கொண்டு மூன்று நாளாக அறையைப் பார்க்கிறேன். எழுதலாம் என்று தோன்றியதையெல்லாம் குறித்தேன்: காலை 5.20 அலாரம், குளியலறை வாசலில் பக்கெட் வரிசை, என் பக்கெட்டையும் அவளே நிரப்பி வைப்பது, ஃபேன் 3இல் வைப்பதா 4இல் வைப்பதா என்கிற சண்டை. பக்கெட்டும் ஃபேனும் எல்லா அறையிலும் இருக்கிறது, அடித்துவிட்டேன்.

மிஞ்சியது ஒன்றுதான். எனக்கு லேட் ஷிப்ட். வந்து சேர 11.40 ஆகும். மெஸ் 9.30க்கு மூடிவிடும். தினமும் என் சூட்கேஸ் மேல் ஒரு தட்டு இருக்கும். சாதம், ஒரு ஓரத்தில் பொரியல், கிண்ணத்தில் குழம்பு, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடியிருப்பாள். அப்பளத்தை மட்டும் தட்டில் வைக்க மாட்டாள். சாதத்தின் ஆவி பட்டால் நமத்துவிடும் என்று பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு மூடி இறுக்கி வைத்திருப்பாள். முதல் நாள் எனக்குத் தெரியாது என்று ஒரு சீட்டும் எழுதி வைத்திருந்தாள்: "அப்பளம் டப்பால இருக்கு, நமத்துராது." அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். நான் இருட்டில் சத்தம் வராமல் அப்பளத்தை உடைக்கப் பார்ப்பேன். அப்பளத்தைச் சத்தம் இல்லாமல் உடைக்கவே முடியாது. போர்வைக்குள்ளிருந்து "வந்துட்டியா" என்று குரல் வரும்.

இரண்டு வருஷம்.

பழைய வார்டன் | 28 நவம்பர், காலை 6.50

இதை எழுது. இதை மட்டும் எழுது.

ரயில்வே காலனி | 28 நவம்பர், காலை 10.00

தாள் விஷயத்தில் ஒரு யோசனை, இந்தத் தடவை தப்பாக இருக்காது என்று நினைக்கிறேன். தபால் நிலையத்தில் இன்லாண்ட் லெட்டர் வாங்குங்கள். 2.50 ரூபாய். மூன்றாக மடிந்து ஓரம் ஒட்டிக்கொள்ளும், உறையே வேண்டாம். தபாலில் அனுப்பாமல் கையிலேயே கொடுக்கலாம். இடம் அளவாக இருப்பதால் நான்கு பக்கம் எழுதுகிற ஆபத்தும் இல்லை.

அறை எண் 14 | 29 நவம்பர், மாலை 5.15

வாங்கிவிட்டேன் ஐயா. இரண்டு வாங்கினேன், ஒன்று வீணாகும் என்று தெரியும். வீணாகியும் விட்டது: ஜெல் பேனாவில் எழுதினேன், தாள் மெல்லியது, மை பின்பக்கம் தெரிந்தது. மழை நாள் ஈரக் கையால் தொட்டதும் "மக்கா" என்ற சொல் நீலக் கறையாகிவிட்டது. இரண்டாவதைப் பால் பாயிண்டில் எழுதப் போகிறேன்.

"மக்கா" என்றுதான் தொடங்கியிருக்கிறேன். "அன்புத் தோழிக்கு" என்று எழுதினால் யாரோ எழுதியது மாதிரி இருக்கிறது. அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். நான் தருமபுரிக்காரி, எனக்கு அந்தச் சொல் முதலில் வாயில் வரவில்லை. இப்போது என் தங்கையையே அப்படிக் கூப்பிடுகிறேன்.

நாஞ்சில் மண் | 29 நவம்பர், இரவு 8.00

ஒருத்தியை மக்கா என்று சொல்ல வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறாள். அது போதும்.

அறை எண் 14 | 3 டிசம்பர், அதிகாலை 2.00

ஞாயிற்றுக்கிழமை இரவு சொல்லிவிட்டேன். மழையில் கரண்ட் போயிருந்தது, இருவருக்கும் தூக்கம் வரவில்லை. கெட்டில் விஷயத்தை முதலிலிருந்து சொன்னேன், கடன் கொடுத்ததையும் திருப்பி வாங்கியதையும் சேர்த்து. அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் "காய்ச்சல்னு ஒனக்குத் தெரியும்லா" என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை முழுக்கப் பேசவில்லை. ஆனால் இரவு வந்தபோது தட்டு இருந்தது. அப்பள டப்பாவும் இருந்தது. "வந்துட்டியா" மட்டும் இல்லை.

நேற்றுக் காலை 500 ரூபாயை அவள் கையில் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்தேன். வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். அவள் வாங்கிக்கொண்டதில்தான் எனக்கு மூச்சு வந்தது. சரியாகிவிட்டதா என்று தெரியவில்லை. கடிதம் எழுதி முடித்துவிட்டேன், இன்று சாயங்காலம் கொடுக்க வேண்டும். லீவு சொல்லிவிட்டேன்.

பழைய வார்டன் | 3 டிசம்பர், காலை 6.30

வாங்கிக்கொண்டாள் என்றால் உன் வார்த்தையை எடுத்துக்கொண்டாள் என்று அர்த்தம். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் சேர்க்காதே, இப்போது மாற்றத் தோன்றும். விளக்கு வைத்ததும் கொடு.

அறை எண் 14 | 4 டிசம்பர், காலை 8.20

வராந்தா சுவர் மேல் விளக்கு வைக்க மேடம் அனுமதி கொடுத்தார். மழைக் காற்றில் ஆறு அகலில் நான்கு அணைந்துகொண்டே இருந்தன, திரும்பத் திரும்ப ஏற்றினோம். கொழுக்கட்டை கிடைக்கவில்லை, பொரி உருண்டை வாங்கி வந்திருந்தேன். கடிதத்தைக் கொடுத்தேன். விளக்கு வெளிச்சத்திலேயே குனிந்து படித்தாள். கடிதம் இதுதான்:

"மக்கா,

இன்றைக்கு உனக்குப் பிறந்தநாள். இரண்டு வருஷம் தப்பான நாளில் கேக் வாங்கினேன், ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீ. இந்த வருஷம் ஊரே உனக்காக விளக்கு வைத்திருக்கிறது. 25க்கு வாழ்த்துகள்.

நான் ராத்திரி வந்து சாப்பிடுகிற சாப்பாடு எப்போதும் ஆறியிருக்கும். அப்பளம் மட்டும் ஒருநாள்கூட நமத்துப்போனதில்லை. வீட்டுக்குப் போனால் சுடச்சுட வைக்கிறார்கள், ஆனால் அப்பளத்தைச் சாதத்தின் மேலேயே வைக்கிறார்கள். அம்மாவிடம் டப்பா கேட்டேன், சிரித்தாள்.

நீ எழுதி வைத்த முதல் சீட்டு என் ஐடி கார்டுக்குப் பின்னால் இருக்கிறது. எழுத்து அழிந்துவிட்டது. இருந்தாலும் வைத்திருக்கிறேன்.

போய் வா. ஹைதராபாத்தில் டிசம்பர் குளிர் நம்ம ஊர் மாதிரி இருக்காது, என் சால்வையை உன் பையில் வைத்துவிட்டேன். கேட்டால் கொடுக்கமாட்டாய் என்று தெரியும், அதனால் கேட்கமாட்டேன்."

மடிப்பின் கடைசிப் பகுதியில் நான்கு வரி எழுதி, அதை மட்டும் ஒட்டி, மேலே "9ஆம் தேதி பிரி" என்று போட்டிருந்தேன். அது என்ன என்று இங்கே எழுதவில்லை.

படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் அணைந்த அகலை ஏற்றினாள். கையெல்லாம் நல்லெண்ணெய், அதே கையால் கடிதத்தை மடித்தாள். அப்புறம் "சால்வ பச்சையா, நீலமா?" என்றாள். மூன்று நாளுக்குப் பிறகு அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

இரண்டாம் ஷிப்ட் | 4 டிசம்பர், மாலை 6.00

டூட்டி ரூமில் உட்கார்ந்து படித்தேன். நான் எழுதிய நான்கு பக்கத்தில் என்ன இருந்தது என்று யோசிக்கிறேன், ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அவளுக்கு மெசேஜ் போடலாமா என்று இருக்கிறது. கடிதத்தைப் பற்றிக் கேட்க மாட்டேன். சும்மா, என்ன சாப்பிட்டாய் என்று.

நாஞ்சில் மண் | 4 டிசம்பர், இரவு 9.10

போடுங்கள் சிஸ்டர்.

அறை எண் 14 | 7 டிசம்பர், காலை 7.00

நேற்று தாம்பரத்தில் ஏற்றிவிட்டேன். இரண்டு பை, ஒரு பக்கெட். பக்கெட் எதற்கு, அங்கே வாங்கிக்கொள்ளலாமே என்றேன், கேட்கவில்லை. ரயில் நகரும்போது "போய்ட்டு வாரேன் மக்கா" என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகச் சொன்னது.

அறைக்கு வந்து பார்த்தால் பிஸ்கட் டப்பாவைக் காணோம். எடுத்துப் போய்விட்டாள்.

மேசை விளக்கு | 7 டிசம்பர், காலை 11.00

அக்கா, இனி ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள்?

அறை எண் 14 | 7 டிசம்பர், மதியம் 12.30

மெஸ் அக்காவிடம் பேசியிருக்கிறேன் தம்பி. தட்டில் போட்டு மூடி வைப்பதாகச் சொன்னார். அப்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

அறை எண் 14 | 9 டிசம்பர், காலை 6.45

இப்போதுதான் போன் செய்தாள். ஆறு மணிக்கே. ஒட்டியதைப் பிரித்தாளாம், மூன்றாவது வரி படிக்க முடியவில்லையாம். கார்த்திகை அன்று கையில் இருந்த எண்ணெய் தாளில் ஊறி, இரண்டு பக்க எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகிறது. "என்ன எழுதிருக்க, வாயால சொல்லு" என்றாள். எழுதியதை வாயால் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார் என்றேன். பார்த்தாள். "ல"வா "வ"வா என்று கேட்டாள். "வ" என்றேன். அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சத்தமே இல்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

கட்டாகவில்லை. அங்கே அவளோடு இருக்கிற பெண்ணுக்கு நைட் ஷிப்டாம், காலை ஏழரைக்குத்தான் வருவாளாம். டிபன் எட்டு மணிக்குத்தான் வைப்பார்கள் என்பதால் பசியோடு படுத்துவிடுகிறாளாம். என்ன வைத்தால் கெடாமல் இருக்கும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.